காலி வண்டிக்கும் டயர் தேயும்

அப்பாவும் மாமாவும் ஒரே ஆட்டோவைப் பங்குக்கு வாங்கி, காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஓட்டினார்கள். பின்சக்கர டயர் ஒன்று தேய்ந்துபோனதும் அந்தச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று சண்டை வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன ஒரே ஆள் நான். தீர்ப்பு என்னிடம் வந்தது.

"ஏட்டி, ஆளுக்குப் பாதின்னு சொல்லு" என்றார் அப்பா, மகள் தன் பக்கம் என்ற தைரியத்தில்.

புது டயர் முந்நூறு ரூபாய். தேய்ந்த பிறகு மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்ய நூற்றிருபது. இரண்டும் சேர்ந்து அது ஓடியது இருபத்துநாலாயிரம் கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் பைசா. வண்டி கைமாறும்போதெல்லாம் பார்த்துவைத்த மீட்டர்படி அப்பா பதினாறாயிரம், மாமா எட்டாயிரம்.

"அப்பாவுக்கு இருநூற்றெண்பது, மாமாவுக்கு நூற்றிநாற்பது" என்றேன்.

"ஆளேத்தி ஓட்டுனது நானும் எட்டாயிரந்தான்" என்றார் அப்பா. " ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆள எறக்கிட்டு ராஜபாளையத்துக்குக் காலியாத்தான வாரேன்? அதையும் சேப்பியா?"

"ஆளில்லன்னா டயரு சுத்தாதாப்பா?"

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "மச்சான், வண்டியத் தலையில தூக்கிட்டு வந்தியளோ?"

"படிக்க வச்சதுக்கு நல்லா வச்சா ஆப்பு" என்று முனகியபடி அப்பா பணத்தை எடுத்துவைத்தார். அம்மா தன் தம்பி ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குக் கூடுதலாக ஒரு தோசை போட்டாள்.

மறுநாளிலிருந்து அப்பா திரும்புசவாரி கிடைக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரைவிட்டுக் கிளம்புவதில்லை. மாமாதான் தன் முறைக்கு வண்டி வராமல் வாசலில் நின்று என்னைத் திட்டினார்.