நேசையா சாருக்கு ஒரு ஸ்லைடு

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடமாக இயற்பியல் நடத்துகிற யூனிஸ் டீச்சர், அறுபது பிள்ளைகள் முன்னால் மணிக்கணக்கில் பேசுவாள். அதே டீச்சரைப் பள்ளிக் குழு முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குற்றம் குழுவினுடையது அல்ல, நேசையா சாருடையது.

நேசையா சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இப்போது குழு உறுப்பினர். எதிரே பேசுகிறவர் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதை அவர் ஒருநாளும் அனுமதித்ததில்லை. பள்ளி மணியை எட்டே முக்காலுக்கு வைத்ததும், மணி அடித்த கையோடு கேட்டைப் பூட்டச் சொன்னதும் அவர்தான். மணிமுத்தாறு பக்கத்துப் பிள்ளைகள் வரும் பஸ் ஒன்பது மணிக்குத்தான் வந்து சேரும். முதல் பாடவேளை முழுக்க அவர்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள். மணியை ஒன்பதேகாலுக்கு மாற்றக் கேட்டு யூனிஸ் இரண்டு முறை ஸ்லைடு போட்டாள். இரண்டு முறையும் நேசையா சார் முதல் ஸ்லைடிலேயே கேள்வி கேட்டு மறித்துக்கொள்ள, நேரம் தீர்ந்து, ஜெபம் முடிந்து, எல்லாரும் பிரியாணிக்கு எழுந்துவிட்டார்கள். "இந்தத் தடவையோட இதை முடிச்சிரணும்" என்று தாளாளர் ஐயா சொல்லிவிட்டார்.

யூனிஸின் கணவர் ஜெபஸ்டின் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களிடம் பேச்சு வாங்கி வாங்கிப் பக்குவப்பட்டவர்.

"நீ ஏன் அவரோட மல்லுக்கு நிக்க? ஒரு பார்க்கிங் ஸ்லைடு போடு. நடுவுல வார கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே அதுல எழுது. சரியான்னு கேளு. கடைசிப் பத்து நிமிசத்தில பதில் சொல்லுதேன்னு சொல்லிட்டு மேல போ."

"கடைசியில நேரம் இருக்காதே?"

"அதைத் தாளாளர்ட்ட முன்னாடியே கேட்டு வாங்கிரு. எழுதி வச்சிட்டு பதில் சொல்லாம வந்தேன்னு வையி, மனுசன் சும்மா விடமாட்டாரு."

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. ஜெபஸ்டின் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நேசையா சார் ஆனார். ஆனவர் அந்த வேஷத்தை விட்டு இறங்கவே இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சோம்பல்" என்று மேசையைத் தட்டிய தட்டில் யூனிஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிச் சீட்டுகளாக அடுக்கினாள். தாமதப் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தாள். பதில் தெரியாத கேள்விக்கும் ஒரு சீட்டு இருந்தது: 'தெரியவில்லை சார், புதன்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன்.' திங்கட்கிழமை விடியக்காலம் மணிமுத்தாறு போய் அந்த பஸ்ஸிலேயே ஏறி நின்றுகொண்டு வந்தாள்.

கூட்டம் தொடங்கியது. "கேள்விகளை எல்லாருக்கும் பொதுவா ஒரு ஸ்லைடுல எழுதி வைப்போம்" என்று யூனிஸ் சொல்ல, மடிக்கணினி முன் இருந்த கணினி டீச்சர் பெர்சிஸ் ஸ்லைடைத் திறந்தாள். திரையில் கொட்டை எழுத்தில் விழுந்தது: 'நேசையா சாருக்கான பார்க்கிங்.'

ஒத்திகைக்கு வைத்த தலைப்பு. யூனிஸ் மாற்ற மறந்துபோனாள்.

குழு முழுக்கச் சிரித்தது. யூனிஸுக்கு உயிரே போய்விட்டது. நேசையா சார் மெல்ல எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மறுபடியும் வாசித்தார்.

"எனக்குன்னே ஒரு பக்கமா?" என்றார். "முப்பது வருசமா கேள்வி கேக்கேன். எல்லாவனும் 'பாப்போம் சார்'ம்பான். ஒருத்தனும் எழுதி வச்சதில்ல வே." அவருக்குக் கோபம் இல்லை. வெட்கப்படாமல் சந்தோஷப்பட்டார். "எழுதும்மா பெர்சிஸ். ஒண்ணு: பிள்ளைங்களுக்குச் சோம்பல்."

"சரியா எழுதியிருக்கா சார்?" என்று யூனிஸ் கேட்டாள்.

"சோம்பலுக்கு அடியில கோடு போடு."

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் பெர்சிஸிடம்தான் பேசினார். நடுவில் பொருளாளர் ஏதோ கேட்க, "ஏ, அங்கன எழுதச் சொல்லும் வே. டீச்சர் பேசுதால்லா?" என்று அதட்டினார். யூனிஸ் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசி ஸ்லைடைப் பார்த்தாள்.

தாளாளரிடம் முன்னாடியே கேட்டு வாங்கிய பத்து நிமிடம் மிச்சம். பிரியாணி வாசனை வந்துவிட்டது. நேசையா சார் நகரவில்லை, யூனிஸும் விடவில்லை.

"முதல் கேள்வி, சோம்பல். மூணு மாசத்தில பிந்தி வந்தது முப்பத்தேழு பிள்ளைங்க சார். அதுல முப்பத்தொரு பேர் ஒரே பஸ்."

"முந்தின பஸ்ல வரவேண்டியதுதானே?"

"அதுக்கு முந்தி பஸ்ஸே இல்ல சார். அதுதான் முதல் பஸ். நான் ஏறி வந்து பாத்தேன்."

இந்த முந்தின பஸ் கேள்வியை மட்டும் ஜெபஸ்டின் ஒத்திகையில் கேட்கவில்லை. நேசையா சார் திரையில் கோடு போட்ட 'சோம்பல்' பக்கம் விரலை நீட்டினார்.

"அப்போ, நான் வெளிய நிறுத்துன பிள்ளைங்க எல்லாம் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்ததுங்களா?"

யூனிஸ் சீட்டுகளைப் புரட்டினாள். இதற்குச் சீட்டு இல்லை. புதன்கிழமைச் சீட்டை எடுக்க மனசு வரவில்லை.

"ஆமா சார்" என்றாள்.

பெர்சிஸின் விரல் விசைப்பலகைக்குப் போனது. நேசையா சார் கையைக் காட்டித் தடுத்தார்.

"இதைப் பார்க்கிங்ல போடாதம்மா" என்றவர், தாளாளர் பக்கம் திரும்பினார். "ஓட்டுக்கு விடுங்க ஐயா." சொல்லிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.