மூடியில் ஏறிய பெயர்

வில்லியனூருக்கு வெளியே இருந்த மரப்பொம்மைப் பட்டறையில் நான் வடிவமைப்பாளராகச் சேர்ந்தபோது டிப்ளமா முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சில மாதங்களில், நான் வரைந்த மூன்று பெட்டிகள் தயாராயின. ஒன்றரை வயதுக்குக் குச்சியில் கோக்கும் வளையங்கள், மூன்று வயதுக்கு வடிவப் பலகை, ஐந்து வயதுக்கு மணிச்சட்டம். மூடிகள் அச்சுக்குப் போவதற்குள் பெயர் வேண்டும்.

திருக்கனூரில் பேன்சி ஸ்டோரும் வைத்திருந்த எங்கள் முதலாளி சொன்னது இதுதான்: "பேரப் பாத்ததும் எந்த வயசுப் புள்ளைக்கு, இன்னா கத்துக்கும்னு பெத்தவளுக்குப் புரியணும்மா. வர்ற ஒவ்வொருத்தருக்கும் நான் நின்னு சொல்லிக்கினு இருக்க முடியாது."

நான் தட்டச்சு செய்து கொடுத்தேன்: 'அறிவு வளர்ச்சிப் பெட்டி, நிலை ஒன்று, நிலை இரண்டு, நிலை மூன்று.' கீழே வயது, மாதக் கணக்கில். மூடியில் நான் வைத்த பெயர்தான் வரப்போகிறது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

பெட்டி கட்டும் பிரிவில் அரியூர்க்காரி ஒருத்தி இருந்தாள். என் வயதுதான், எட்டாவது வரை படித்தவள், இரண்டு பிள்ளைகள். என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சணலை விடாமலே சொன்னாள்: "நடந்தாச்சு, கேள்வி கேட்டாச்சு, காது தொட்டாச்சு. இப்பிடி வெச்சுட்டுப் போங்களேன் டிப்ளமா."

எங்கள் ஊர்களில் பிறந்த தேதி தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருடம்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். என் வரைபடங்களில் ஒன்றைப் பார்த்தும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். ஜெயிப்பது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செல்லிப்பட்டில் தடுப்பூசி போடும் நாளில், வரிசையில் நின்ற பத்துத் தாய்மாரிடம் பெயர் ஒட்டிய மூடிய பெட்டிகளைக் காட்டினேன். ஐந்து பேருக்கு நான் வைத்த பெயர் முதலில், ஐந்து பேருக்கு அரியூர்க்காரி வைத்தது முதலில். கேள்வி இரண்டு: இது எந்தப் பிள்ளைக்கு? இதில் என்ன கற்கும்?

"நிலை ஒண்ணுன்னா ஒண்ணாங்கிளாசுதானே? எம்பெரியவனுக்கு ஆவும்" என்றாள் ஒருத்தி. அதில் இருந்தது வளையம்.

"பதினெட்டு மாசமா? அதெல்லாம் யாரு எண்ணிக்கினு இருக்கா" என்றாள் இன்னொருத்தி. அதே பெண் 'நடந்தாச்சு' என்றதும் இடுப்பிலிருந்த குழந்தையைத் தட்டினாள். "இந்தக் கழுதைக்குத்தான். தை மாசந்தான் நடந்துச்சு."

அரியூர்க்காரி வைத்த பெயருக்கு நேரே டிக் விழுந்துகொண்டே போனது. ஒவ்வொன்றையும் நானே போட வேண்டியிருந்தது.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு மூச்சு வந்தது. "நடக்கக் கத்துக்குடுக்குமா இது?" என்று கேட்டாள், குழந்தையைத் தட்டிய அதே பெண். காது தொடுகிற பெட்டியில் என்ன இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் பெயருக்கு 'அறிவு வளரும்' என்றாவது சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. இரண்டாவது கேள்வியின் பதில்களை மட்டும் காட்டினால் அரியூர்க்காரி வைத்த பெயர் விழுந்துவிடும். என்னுடையதில் மாதத்தை வருடமாக மாற்றி, நானே சரிசெய்து வைத்துக்கொள்ளலாம். தாளை மடித்து வைத்தேன். பிறகு, நடுவில் நின்ற ஒருத்தி சொன்ன பதில் நினைவுக்கு வந்தது: "நிலை மூணுன்னா மூணு வயசுக்கு." அவள் கையைப் பிடித்து மூன்று வயதுப் பிள்ளை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நிலை மூன்று என்பது மணிச்சட்டம். அந்த மணிகளின் அளவை வரைந்தவள் நான். கம்பியிலிருந்து ஒன்று கழன்றால் குழந்தையின் வாய்க்குள் எளிதாகப் போகும் அளவு.

முழுத் தாளையும் முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"இதுல இன்னா எழுதுனா சரியாப்போவும்?" என்று என்னைத்தான் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். 'நடந்தாச்சு' என்று பெரிதாக. அதன் கீழே, 'வளையம் அடுக்கிப் பெரிது சிறிது அறிய. ஒன்றரை வயது முதல்.' மற்ற இரண்டுக்கும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் கூடுதலாக, 'சிறு மணிகள், கைக்குழந்தைக்குத் தராதீர்.'

அச்சாகி வந்த மூடியை அரியூர்க்காரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கீழ இருக்கறது உங்களோடதுதானே? நல்லாருக்கு டிப்ளமா."

"எழுத்துதான் சின்னதா வந்துருக்கு" என்றேன்.

"கண்ணாடி போட்டுக்கினு படிப்பாங்க, வுடுங்க."

அடுத்த மாதம் கணக்கு கொடுக்கத் திருக்கனூர் கடைக்குப் போயிருந்தேன். ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். "காது தொட்டாச்சு ஒண்ணு குடுங்க பாய்" என்றார் முதலாளியிடம். பெட்டியை வாங்கினார். மூடியின் கீழ் வரிக்கு அவர் கண் போகும் என்று காத்திருந்தேன். விழுப்புரம் பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.