ஆறு சதவீதத்துக்கு முந்திய பத்தொன்பது நாட்கள்

நந்தனத்தை ஒட்டி, மவுண்ட் ரோட்டில் இருந்தது எங்கள் கம்பெனி. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பல பொருட்களில் பென்ஷன் டிரஸ்டும் ஒன்று. பழைய மின்விசிறிகளைப் போலவே அதுவும் ஓடியது, சத்தத்தோடு. நான் அந்த டிரஸ்டின் செயலாளர். கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்புவது, குறிப்பு எழுதுவது, தீர்மானம் வரைவது, முடிந்ததும் பிஸ்கட் மிச்சத்தை எண்ணுவது என் வேலை. டிரஸ்டு பத்திரத்தின் ஐம்பத்திரண்டு ஷரத்துகளையும் மனப்பாடமாகச் சொல்வேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

டிரஸ்டின் கணக்குப் பேரேட்டை முப்பது வருடம் எழுதியவர் திருநெல்வேலிக்காரர். ஆபீஸ் முழுக்க அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்குக் கீழே வேலை பார்த்தவர். நாலு பேர் முன்னால் 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'வே'. நான் பேசுவது பிடிக்காதபோது மறுபடி 'சார்'.

எழுபதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதம் நூற்றிருபது ரூபாய் பென்ஷன். ஒன்றாம் தேதி ஓய்வூதியர்கள் நேரில் வந்து, உயிரோடிருப்பதாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்க வேண்டும் என்பது விதி. மணியார்டர் கேட்டால் அனுப்புவோம். அவர் கேட்கவில்லை. தி.நகரிலிருந்து பஸ் ஏறி வந்து, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "இந்த மாசமும் சாவலை, எழுதிக்கிடும்" என்பார். நுரையீரலில் கோளாறு. படியில் அவர் நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பென்ஷனில் ஒரு குறை. ஆள் போனால் பென்ஷனும் போய்விடும். விதவைக்குப் பாதி கொடுக்கப் பத்திரத்தில் இடம் இருந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆக்சுவரி, அதாவது ஆயுள், வட்டிக் கணக்கு நிபுணர், வந்து நிதியை மதிப்பிடுவார். அதில் நிதி நூற்றுக்கு நூறு நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால், அந்த மதிப்பீட்டை டிரஸ்டிகள் ஏற்றுத் தீர்மானம் போட்ட நாளிலிருந்து இறப்பவர்களின் மனைவிகளுக்குப் பாதிப் பென்ஷன். அதற்கு முன் இறந்தவர்களின் மனைவிகளைப் பற்றிப் பத்திரம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் அவசரப்பட்டவர்கள்.

நிறைவு என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், இன்னும் நாற்பது ஐம்பது வருடங்களுக்குக் கொடுக்க வேண்டிய பென்ஷன்களையெல்லாம் கொடுக்க இன்று எவ்வளவு கையில் இருந்தால் போதும் என்று பார்ப்பார்கள். இருபது வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய நூறு ரூபாய்க்கு இன்றே நூறு ரூபாய் வைக்க வேண்டியதில்லை. பணம் நாலு சதவீதம் வட்டி ஈட்டும் என்று நம்பினால் நாற்பத்தைந்து ரூபாய் அறுபத்து நாலு காசு போதும். ஆறு சதவீதம் என்று நம்பினால் முப்பத்தோரு ரூபாய் பதினெட்டுக் காசு. அடுத்த வருடம் கொடுக்க வேண்டிய நூறில் இந்த வித்தியாசம் இரண்டு ரூபாய்கூட வராது. வாக்குறுதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, வட்டி அவ்வளவு பலமாக அதை அரிக்கும்.

இத்தனை வருடமும் நாலு சதவீதத்தில்தான் கணக்கு. தேவை ஐம்பது லட்சம், கையிருப்பு நாற்பத்து மூன்று லட்சம். ஆக எண்பத்தாறு சதவீதம். பள்ளத்தை நிரப்பக் கம்பெனி வருடாவருடம் ஒரு தொகை கட்டி வந்தது, முகம் சுளித்தபடி.

அந்த வருடம் ஆக்சுவரி புதிதாக ஒன்று எழுதியிருந்தார். இப்போது புதிதாகப் போடும் பணத்துக்கு ஆறுக்கு மேல் வட்டி வருகிறது, டிரஸ்டிகள் விரும்பினால் ஆறு சதவீதத்தை அடிப்படையாகக் கொள்ளலாம் என்றார். அப்படிக் கொண்டால் தேவை நாற்பத்தொரு லட்சத்து முப்பதாயிரமாகக் குறையும். நாற்பத்து மூன்று லட்சம் அப்படியே இருக்கிறது. நூற்று நாலு சதவீதம். ஒரு பக்கத்தில் ஓட்டை, பக்கத்தைத் திருப்பினால் நிரம்பி வழிகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிதியில் ஒரு ரூபாய் கூடவில்லை. ஒரு ஓய்வூதியருக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு ரூபாய் குறையவும் இல்லை. வட்டி ஏறியதால் எங்கள் பெட்டியில் கிடந்த பழைய கடன்பத்திரங்களின் சந்தை விலை இறங்கியிருந்தது. அதை மட்டும் வாங்கிய விலையிலேயே எழுதிவைத்துக்கொண்டு, தேவையை மட்டும் புது வட்டியில் சுருக்குவது என்ன நியாயம்? இதில் லாபம் கம்பெனிக்கு, பள்ளத்துக்குக் கட்டும் தொகை நின்றுவிடும். டிரஸ்டிகளில் ஒருவரான தலைமைக் கணக்கர் அந்த அறிக்கையை வெற்றிலைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு திரிந்தார்.

நான் ஏழு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். டிரஸ்டு பத்திரம் வாங்கிய விலை என்று சொன்னாலும், ஒப்பிட்டுப் பார்க்கக் கடன்பத்திரங்களைச் சந்தை விலையில் எடுத்தும், ஐந்து சதவீதத்தில் போட்டும் பார்த்து ஆக்சுவரி மறுபடி எழுதித் தரட்டும், அதுவரை முடிவைத் தள்ளிவைக்கலாம் என்றேன். அது என் வாழ்வில் எழுதிய மிகச் சிறந்த குறிப்பு. அதில் பிழை இல்லை என்று இன்றும் சொல்வேன். கூட்டத்தில் படித்துவிட்டு, அடுத்த காலாண்டுக்குத் தள்ளினார்கள்.

அண்ணாச்சி நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தார். வந்ததனால்தான் இன்னும் கறாராக எழுதினேன். தெரிந்த ஒருவருக்காகச் சதவீதத்தை வளைத்தேன் என்று நாளைக்கு யாரும், முக்கியமாக நானே, சொல்லிவிடக் கூடாது.

மயிலாப்பூரில் காலைக் காபியோடு இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சதவீதத்தில் சிரத்தை காட்டவில்லை. "அவராத்து மாமிக்கு ஆறுன்னா கிடைக்கும், நாலுன்னா கிடைக்காது. அவ்வளவுதானே? மூணு மாசம் அவரால முடியுமான்னு பாத்தேளா?" என்றாள். நான் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தி.நகர் போனேன். பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்பகுதி, இரண்டு அறை. அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அவர் மனைவி, எனக்கு மதினி, ஓமத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அண்ணாச்சிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. ஆபீஸில் ரகசியம் என்று முத்திரை குத்தியது எதுவும் அவர் வீட்டுக்குத் தாமதமாகப் போனதில்லை.

"தள்ளி வச்சிட்டீராமே."

காரணங்களைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். முப்பது வருடம் அந்தப் பேரேட்டை எழுதிய மனிதர், எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை.

"நீரு எழுதினது சரிதான். நான் அங்கன இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரு வட்டி வச்சிருக்கீரு. என் ஆயுசுக்கு எத்தனை சதவீதம்வே போட்டீரு?" என்று கேட்டார்.

நான் மதினியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"மூணு மாசந்தானே. இருந்து தொலைக்கேன்" என்றார் அவர். அது எனக்கு அளித்த சலுகை என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஒன்றாம் தேதி வந்தார். படி ஏறவில்லை. கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், பதிவேட்டை நான் கீழே எடுத்துப் போனேன். "இந்த மாசமும் எழுதிக்கிடும்" என்றார். வழக்கமான முதல் பாதியை விட்டுவிட்டார். அதற்கடுத்த ஒன்றாம் தேதி மணியார்டர் அனுப்பச் சொல்லிக் கார்டு வந்தது, மதினியின் எழுத்தில்.

கூட்டத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது இறந்துபோனார்.

கூட்டம் நடந்தது. ஆக்சுவரியின் பதில் ஒன்றரைப் பக்கம். ஐந்தில் போட்டால் தொண்ணூற்றைந்து சதவீதம் வருகிறது. கடன்பத்திரங்களைச் சந்தை விலையில் பார்த்தால் ஆறில்கூட நூறு நிறையாதுதான். ஆனால் வாங்கிய விலையில் கணக்கிட வேண்டும் என்றுதான் உங்கள் டிரஸ்டு பத்திரம் சொல்கிறது, அது பழைய பத்திரம், மாற்றும் அதிகாரம் தனக்கில்லை என்று எழுதியிருந்தார். டிரஸ்டிகள் ஐந்து நிமிடத்தில் ஆறு சதவீதத்தை ஏற்றார்கள். என் ஏழு பக்கம் மூன்று மாதத்தைத் தவிர வேறு எதையும் சம்பாதிக்கவில்லை.

பாதிப் பென்ஷன் தீர்மானம் வந்தபோது நான் கையைத் தூக்கினேன். செயலாளர் பேசும் வழக்கம் இல்லை. மதிப்பீடு முந்திய மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக் கணக்கின் பேரில்தானே செய்யப்பட்டது, ஏற்ற நாளுக்குப் பதிலாக அந்த நாளிலிருந்தே கொடுத்தால் என்ன என்று கேட்டேன். தலைமைக் கணக்கர் என் பக்கம் திரும்பினார்.

"யாருக்காகக் கேக்கறீங்கன்னு தெரியுது சார். நல்ல மனுஷன். ஆனா 'நிதியில் ஒரு ரூபாயும் கூடவில்லை'ன்னு எழுதினது நீங்கதானே? கூடாத பணத்துல பின்தேதி போட்டு எப்படிக் கொடுக்கறது? ஷரத்து என்ன சொல்லுது, நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். ஏற்ற நாளிலிருந்து. அவர்கள் இரக்கமற்றவர்கள் இல்லை, ஒரு மாதப் பென்ஷனைக் கருணைத் தொகையாகக் கொடுக்கக் கம்பெனியைக் கேட்டுக்கொண்டார்கள். தீர்மானத்தை நானே வரைந்தேன். நல்ல தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

இறந்தவரின் பென்ஷன் அட்டையை முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். கடைநிலை ஊழியரை அனுப்பி வாங்கி வரலாம். மறுநாள் நானே போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. மதினி அட்டையை ஒரு மஞ்சள் பையில் தயாராக வைத்திருந்தாள். கருணைத் தொகை நூற்றிருபது ரூபாயைக் கையில் வாங்காமல், ஜன்னல் திட்டில் வைக்கச் சொன்னாள்.

"ஆபீஸ்ல வட்டியைக் கூட்டிட்டாகளாமே தம்பி?"

"ஆமா மதினி. நேத்து."

"அப்ப பணம் வந்துட்டா?"

"பணம் அப்படியேதான் இருக்கு. எவ்வளவு போதும்னு பாக்கற கணக்கு மாறியிருக்கு."

"இவுக இருந்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்குமோ?"

"கிடைச்சிருக்கும். பத்தொன்பது நாள்."

அவள் அழவில்லை. வாடகைக்கு இந்த மாதம்வரை கொடுத்தாகிவிட்டதாம், அப்புறம் சங்கரன்கோவில் பக்கம் தம்பி வீடு. தம்பி பெண்டாட்டி ஒரு மாதிரி, ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கடைசி வாரத்தில் அவர் உட்கார்ந்தபடி எழுதியது. மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம், பேரேட்டில் இருந்த அதே சாய்வெழுத்து, வரிகள் மட்டும் கொஞ்சம் கீழ்நோக்கி இறங்கியிருந்தன.

மதினியின் பாதிப் பென்ஷன், மாதம் அறுபது, வருடம் எழுநூற்றிருபது. இருபது வருடம் இருப்பாள் என்று வைத்திருந்தார். நாலு சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு ஒன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து ரூபாய். ஆறு சதவீதத்தில் எட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டு. முதலாவதற்கு நேரே 'கிடையாது' என்றும் இரண்டாவதற்கு நேரே 'உண்டு' என்றும் எழுதியிருந்தார். அவளை அதிகமாக மதித்த வட்டியில் அவளுக்கு ஒன்றுமில்லை. இதைப் பார்த்து அவர் சிரித்திருப்பார். இருமியும் இருப்பார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை," என்றாள் மதினி. "இவுக கணக்கு எழுதினா உங்ககிட்டத்தானே காட்டுவாக. சரியா இருக்கா, பாருங்க."

என்னிடம் பென்சில் இருந்தது. வட்டி அட்டவணை மனப்பாடம். வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து இரண்டு பெருக்கலையும் மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள்.

"சரியா இருக்கு மதினி" என்றேன்.

அவள் தாளை வாங்கி மடித்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். அட்டையைப் பெற்றுக்கொண்டதற்கு நான் ரசீது எழுதிக் கொடுத்தேன்.