அரை டம்ளர்

எங்கள் வீட்டில் எனக்கும் சர்க்கரை, என் மனைவிக்கும் சர்க்கரை. இதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. சர்க்கரை டப்பாவே இல்லாத வீடு இந்த ஆம்பூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். காப்பிக்கு இனிப்பு மாத்திரை, ஃப்ரிட்ஜில் ஜீரோ என்று போட்ட கோலா.

வேலூர் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்சுலின் ஆரம்பித்தபோது, அங்கிருந்த சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்தார். திடீரென்று சர்க்கரை இறங்கினால் எதைக் குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தெளிவான தமிழில் அச்சடித்திருந்தது. நாங்கள் அதற்கு உரிய மரியாதை செய்தோம். பிளாஸ்டிக் உறை போட்டு, காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். படிப்பதை மட்டும் தள்ளிப்போட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். அரக்கோணத்திலிருந்து என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சாப்பிட வருவதாக ஏற்பாடு. பிரியாணி தன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அவருக்கும் இருபது வருடச் சர்க்கரை. அதனால் தன்னைப் பாதி டாக்டர் என்று எண்ணிக்கொள்பவர்.

"பார்சல் வாங்கிட்டேன் மாப்ள, அஞ்சு நிமிஷத்துல வீட்ல இருப்பேன்" என்று போனில் சொன்னார். நம்பி, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டேன். அவர் பேசியது பிரியாணிக் கடை வரிசையின் வாலில் நின்றபடி என்பது பிறகுதான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் போனது. சட்டை தொப்பலாக நனைந்தது, கை நடுங்கியது. மனைவி ஏதோ கேட்டாள்; எதற்கென்றே தெரியாமல் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் என் விரலில் குத்தி மெஷினில் பார்த்தாள். ஐம்பத்தெட்டு.

"இனிப்பா எதுனா குடிக்கணுங்க" என்று ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். தாள் ஒட்டியிருந்த அதே கதவைத் திறந்து ஜீரோ கோலாவை எடுத்து வந்தாள். நானும் ஒரு முழு டம்ளர் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மச்சான் பிரியாணியோடும் ஒரு பெரிய ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலோடும் நுழைந்தார். பாட்டில் அவருக்காம். ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைக்கு லீவு என்பது அவர் வைத்தியம். மறுபடி குத்திப் பார்த்தால் ஐம்பத்தொன்று.

"பிரியாணி ரெண்டு வாய் போட்டா சரியாய்டும்" என்று பொட்டலத்தைப் பிரித்தார். "இல்லன்னா பால் காய்ச்சு."

மனைவி அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தாளின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கோலா குடுத்தேன் சிஸ்டர், ஏறவே இல்ல."

"இன்னா கோலா?"

"ஜீரோம்மா."

"தாள்ல கீழ இருக்கற நம்பரப் பாத்தீங்க. மேல இருக்கறத யார் படிப்பாங்க? அதுல சர்க்கரையே கெடையாதும்மா. அவரு முழிச்சிருக்காரா, முழுங்குவாரா?"

"பேசறாரு. திட்டறாரு."

"நல்லது. சாதா கூல்டிரிங்க்ஸ், இல்ல பழ ஜூஸ், அரை டம்ளர். நூத்தம்பது மில்லி, அவ்ளோதான். இல்லன்னா மூணு ஸ்பூன் சர்க்கரை, தண்ணில கலக்கி."

"சர்க்கரை இல்லியே சிஸ்டர்..."

"பிரியாணி?" என்று மச்சான் குறுக்கே கேட்டார்.

"எண்ணெயும் கறியும் சேந்தா மெதுவாத்தான் சார் ஏறும், பாலும் அப்டித்தான். மொதல்ல கூல்டிரிங்க்ஸ். கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க. எழுபதுக்குக் கீழவே இருந்தா இன்னொரு அரை டம்ளர். ஏறிட்டா ஒடனே சாப்பாடு. மயக்கமாய்ட்டா மட்டும் வாய்ல எதுவும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

மனைவி அளந்து அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். பிறகு விரலில் குத்திப் பார்க்கப் புது ஊசி எடுக்க அவள் உள்ளே போனாள். பாதி டாக்டருக்குப் பொறுமை போதவில்லை.

"அரை டம்ளரு யானைக்குச் சோளப்பொரி மாதிரி, நீ குடி மாப்ள" என்று முழு டம்ளராக இரண்டு முறை ஊற்றினார். எனக்கு அப்போது யார் எதை நீட்டினாலும் குடிக்கிற புத்திதான் மிச்சம் இருந்தது.

கால் மணி நேரத்தில் நூற்று நாற்பது. கண் தெளிந்தது, வெட்கமும் கூடவே வந்தது. பிரியாணியைச் சாப்பிட்டேன். சாயந்தரம் பார்த்தபோது முந்நூற்று இருபது. நாக்கு வறண்டு, பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மனைவி திரும்பவும் போன் செய்தாள். நான் எவ்வளவு குடித்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட சிஸ்டர், "இதுக்குன்னு தனியா ஊசி போட்றாதீங்க, திரும்பி எறங்கிடும். தண்ணி குடிக்கட்டும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மச்சான் ரயிலேறிய பிறகு, மனைவி தாளைக் கழற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள். 'டயட், ஜீரோ வேண்டாம்' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். "நானே உங்களக் கொன்னிருப்பேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே குளுக்கோஸ் டப்பா ஒன்று வாங்கி வந்தாள். மச்சானோ, என்னைக் காப்பாற்றிய கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லி வருகிறார். போன மாதம் காட்பாடியில் என் காதில் விழுந்தபோது, ஒரு பாட்டில் முழுக்கக் குடிக்க வைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற நாலைந்து சர்க்கரைக்காரர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.