குருட்டுப் பூனையும் அடைச்ச யன்னலும்

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். பள்ளிக்கூடம் போனது ரெண்டாம் வகுப்பு மட்டும். ஆனால் ஒருத்தரும் என்னை ஏமாத்த ஏலாது எண்டுதான் நினைச்சிருந்தனான். இது அந்த நினைப்பு ஆட்டங்கண்ட கதை.

அப்ப நாங்கள் புளியங்கூடலில் இருந்தம். சண்டையில் பாதையைப் பூட்டினால் அரிசி வராது. அதனால் பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயவைச்சு ஒடியலாக்கி, பனையோலைக் கடகங்களில் நிரப்பிப் பின் அறையில் வைச்சிருந்தன். மழைக்காலச் சாப்பாடு அதுதான். அதுக்குள் எலி புகுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கடகத்தைச் சுத்தி ஒடியல் தூள்.

பக்கத்து வளவில் மச்சாள், என்ர மனுசன்ர தங்கச்சி. ஒரு பச்சைமிளகாயும் காரணம் இல்லாமல் தராதவள். அவள் தானாகவே வந்து, "எலிக்கு வைச்சிரும் மச்சாள்" எண்டு ஒரு சாம்பல் பூனையைத் தந்திட்டுப் போனாள். எனக்கு அப்பவே மனதில் ஒரு நெருடல்.

ஒரு கிழமை அறைக்குள் விட்டன். ஒரு எலியும் பிடிபடவில்லை. சோதிச்சுப் பார்க்க, அதின்ர மூக்குக்கு நேரே ஒரு கருவாட்டுத் துண்டை வைச்சன். அது துண்டைப் பார்க்கவேயில்லை. மூக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, தாண்டிப் போய், மணத்தைப் பிடிச்சுத் திரும்பி வந்துதான் எடுத்தது. மத்தியான வெயிலில் கண்ணைப் பார்த்தன். கறுத்த மணி ஊசி மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. எனக்கு விளங்கிட்டுது. குருட்டுப் பூனையைத் தலையில் கட்டிப்போட்டாள்.

வேலிக்கு மேலால் கேட்டன். "கண் தெரியாததை எனக்குத் தந்தனீரோ?"

"உமக்குத்தான் கண் தெரியாது" எண்டாள் மச்சாள். அதோட பேச்சு நிண்டது. பூனையைச் சாக்கில் கட்டி ஊர்காவற்றுறைச் சந்தையடியில் விடுறதெண்டு முடிவெடுத்தன்.

அடுத்த நாள் மாட்டுக்கு ஊசி போட மிருக வைத்தியர் வந்தார். வேலை முடிய, பூனையைத் தூக்கிக்கொண்டு போனன்.

"இது குருடெண்டு ஒரு கடதாசித் துண்டில எழுதித் தாங்கோ டாக்குத்தர். காட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்கு."

அவர் சிரிச்சார். பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பூனைக்கு முன்னால், எட்டத்தில், மேலேயிருந்து விட்டார். சத்தமும் இல்லை, மணமும் இல்லை. பூனையின் தலை பஞ்சோடேயே கீழே இறங்கியது.

"கண் நல்லா இருக்கு அம்மா. பூனைக்கு ஒரு சாணுக்குள்ள கிடக்கிறது தெளிவாத் தெரியாது. நாங்கள் பார்க்கிற மாதிரி நுணுக்கமும் தெரியாது. அசைஞ்சால் உடனே தெரியும். கண்ணுக்குள்ள மங்கல் வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் உரிய பகுதிதான் அதுக்குக் கூடுதலா இருக்கு. வெயிலில மணி ஒடுங்கும், மங்கலில அகலத் திறக்கும். பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. உள்ள வந்த வெளிச்சம் அதில பட்டுத் திரும்பி இன்னொருக்கா உதவும். விளக்கைக் கொண்டு போனால் கண் மினுங்கிறது அதாலதான்."

"அப்ப ஏன் எலி பிடிக்கேல்லை?"

"அறையைக் காட்டுங்கோ" எண்டார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிண்டு பார்த்தார். யன்னலில் நான் ரெண்டு சாக்கை அடைச்சு வைச்சிருந்தன். ராவில் கை நீட்டினால் கை தெரியாது.

"ராவில துளி வெளிச்சமும் உள்ள வராட்டில் பூனைக்கும் இருட்டுத்தான். காதால கேட்கும். ஆனால் ஒடியலுக்குள்ள எங்க பார்த்தாலும் சரசரப்பு. சாக்கை ஏன் அடைச்சனீங்கள்?"

"எலி வராமல்" எண்டன்.

அவர் கதவைப் பார்த்தார். கீழே ரெண்டு விரல் இடைவெளி, எலி நுழையப் போதும்.

உண்மை வேற. அந்த யன்னல் மச்சாளின்ர முற்றத்தைப் பார்த்தது. எங்களிட்ட எவ்வளவு ஒடியல் இருக்கெண்டு அவள் பார்க்கப்படாது. அதுக்குத்தான் சாக்கு.

டாக்குத்தர் சொன்னதையும் நான் முழுக்க நம்பவில்லை. மச்சாளுக்குத் தெரிஞ்ச ஆளாயும் இருக்கலாம். ஆனாலும் மைமலாகி வெளிச்சம் மங்கிற நேரம் சாக்கை இழுத்தெடுத்துப்போட்டு, கதவு நீக்கலால் பார்த்துக்கொண்டிருந்தன். ஒரு எலி கடகத்தின் விளிம்பில் வந்து அசையாமல் குந்தியிருந்தது. பூனை அந்தப் பக்கம் பார்த்தும் கவனிக்கவில்லை. சரி, குருடுதான் எண்டு நினைச்சன். எலி வாலை இழுத்தது. அவ்வளவுதான். பூனை பாய்ஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை, வாயில் எலி தொங்கினதுதான் தெரிஞ்சது.

"குருடு கண் திறந்திட்டுதோ மச்சாள்?"

யன்னல் கம்பிக்கு அங்கால் அவள் நிண்டாள். கடகம் எல்லாத்தையும் எண்ணியிருப்பாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த வீட்டை விட்டு வரும்வரைக்கும் அந்த யன்னலை நான் அடைக்கவில்லை.

பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைக் கொண்டு இஞ்ச வா. டாக்குத்தருக்கு நான் பொய் சொன்ன இடம் சரியா எழுதியிருக்கிறியோ? முதலிலயிருந்து வாசி, கேட்பம்.