முற்றத்தில் இஞ்சி இல்லாத நாள்

என் மனைவி மட்டாஞ்சேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்கிருந்தாள். பிறர் வாதாடுவதைத் தட்டச்சு செய்தே காலம் போய்விட்டது, இனி நானே வாதாடுகிறேன் என்று சொல்லி, ஓய்வுபெற்ற பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். நான் விவரக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து வயது வரம்பைத் தேடினேன். இல்லை. விதி எழுதியவர்களின் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

சுள்ளிக்கலில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு சேச்சியும் அதே தேர்வுக்குப் படித்தாள். மாலையில் இருவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போடுவார்கள். சாயா போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு, நடுவில் புகுந்து திருத்துவது நானாக எடுத்துக்கொண்டது.

தர்க்கக் கேள்விகளில்தான் மாட்டிக்கொண்டேன். 'இப்படியானால் அப்படி' என்று ஒரு விதி கொடுத்து, எது கட்டாயம் உண்மை என்று கேட்பார்கள். நான் வேலை பார்த்த அரசு ஆபீசில் வாசித்து வளர்ந்த விதிகளும் அதே ஜாதிதான். கையெழுத்து இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிராகரித்த விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தால், பிரித்துப் பார்க்காமலே கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று எழுதி அனுப்புவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் கெட்டுப்போனேன்.

மனைவி எதிரே இருக்கும் இஞ்சிக் கிடங்கைக் காட்டினாள்.

"மழை பெஞ்சா முற்றத்துல இஞ்சி காயப்போட மாட்டாங்க. இது விதி. இன்னிக்கு முற்றத்துல இஞ்சி இல்லை. என்ன தெரியுது?"

"மழை."

"சரக்கே வராம இருக்கலாம் இல்லையா? ஒண்ணும் தெரியாது. இஞ்சி காயுதுன்னா மட்டும் மழை இல்லைன்னு ஒத்தைக் கால்ல நிக்கலாம். ரெண்டு பக்கத்தையும் இடம் மாத்தணும், ரெண்டுக்கும் 'இல்லை' போடணும். ஒண்ணை மட்டும் செஞ்சா போச்சு."

சேச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார் பாதி வழியில இறங்கிடறார்" என்றாள். கிடங்குக்காரருக்கு இஞ்சி எப்போது வரும் என்ற நடைமுறை எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனேன்.

தேர்வு எழுதி வந்த அன்று மனைவி சொன்னாள்: "தோத்தா ஒரு வார்த்தை பேசமாட்டேன். அன்னிக்கு என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க."

முடிவு வந்த மாலை அவள் பின்கட்டில் காதில் இயர்போனும் கையில் போனுமாக உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. சாயா வைத்தேன், எடுக்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முடிந்துபோன ஃபைலை எப்படிக் கட்டி வைப்பேனோ, அப்படி அவள் புத்தகங்களை அடுக்கி, நாடாவால் கட்டி, பரணில் ஏற்றினேன். பரிவோடுதான் செய்தேன், அது இன்னும் கேவலம். பிறகு தேவராவில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் செய்து, நடக்கவில்லை என்றும், இந்த வயதில் இந்த ஆசையை முளையிலேயே கிள்ளாதது என் தப்பு என்றும் சொன்னேன். என் குரல் மெதுவாகப் பேசப் பழகாதது.

போனை வைத்துத் திரும்பினால் மனைவி வாசற்படியில் நிற்கிறாள்.

சேச்சிக்குக் கிடைக்கவில்லையாம். இவ்வளவு நேரமும் சேச்சி போனில் அழுததை இவள் கேட்டுக்கொண்டிருந்தாளாம். சொல்லிவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். தரவரிசைப் பட்டியலில் என் மனைவியின் பெயர், சீட் கிடைக்கிற உயரத்தில்.

"நீ பேசலை, அதனால..." என்று ஆரம்பித்தேன்.

"தோத்தா பேசமாட்டேன்னுதானே சொன்னேன். பேசலைன்னா தோத்துட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அதோடு விட்டிருந்தால் கணக்குத் தப்பு என்று நானும் தப்பித்திருப்பேன். அவள் பரணைப் பார்த்தாள், கட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள்.

"நான் ஜெயிப்பேன்னு நீங்க நம்பியிருந்தா, வந்து கேட்டிருப்பீங்க," என்றாள். "கேக்கலை."

அதிலிருந்து வரும் முடிவை என்னிடம் விட்டுவிட்டு, சேச்சியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சுள்ளிக்கலுக்குக் கிளம்பினாள்.

பரணிலிருந்து புத்தகக் கட்டை இறக்கி, நாடாவை அவிழ்த்தபடி அவள் சொன்ன விதியைச் சோதித்தேன். சாயாவுக்குச் சர்க்கரை போதுமா என்பதுவரை கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் நான். நம்பியிருந்தால் கேட்காமல் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கமாட்டேன். விதி சரிதான். கேட்கவில்லை, அதுவும் சரி. இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றினேன், இரண்டுக்கும் 'இல்லை' போட்டேன். எங்கேயும் ஓட்டை இல்லை. அவள் சொல்லிக்கொடுத்ததில் நான் முழுதாகச் சரியாகப் போட்ட முதல் கணக்கு அது.

அக்காவுக்குத் திரும்பப் போன் செய்ய வேண்டியிருந்தது. அந்த எண்ணைத் தேடி எடுக்க எனக்கு வெகுநேரமாயிற்று.