நூறு வந்த கிளை

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில், ஒரு வங்கியின் வட்டார அலுவலகத்தில் கிளைகளின் திறனை ஒப்பிடுவது என் வேலை. ஊழியர், இடம், செலவு ஆகியவை உள்ளீடு. வைப்பு, கடன், பரிவர்த்தனை ஆகியவை வெளியீடு. ஒவ்வொரு கிளைக்கும் அதற்கே மிகச் சாதகமான எடைகளைக் கணினி தேடிக் கொடுக்கும். அப்படியும் ஒரு தோட்டப்புறக் கிளைக்கு எழுபது விழுக்காடுதான் வந்தது. முழு நூறு வாங்கிய புந்தோங், லூமுட் கிளைகளின் கலவையோடு ஒப்பிட்டால், அங்கே பத்துப் பேர் செய்யும் வேலைக்கு ஏழு பேர் போதுமாம்.

அந்தக் கிளையின் மேலாளர் நேரிலேயே வந்தார். முன்பு நான் அவரிடம் வேலை பார்த்தவள்.

"எழுதத் தெரியாத தோட்டத்து ஆளுங்களுக்கு நாங்கதான் போராங் எழுதிக் குடுக்கிறோம், தங்கச்சி. உன் கணக்குல அது எங்கலா?"

எல்லாக் கிளைகளிலும் ஒரு மாதம் அந்தப் படிவங்களை எண்ண வைத்து, அதையும் வெளியீடாகச் சேர்த்தேன். அவர் கிளைக்கு நூறு வந்தது. உடனே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதிகாரியிடம் ஓடினேன்.

"அந்தப் படிவ வேலையை வேறு எந்தக் கிளையும் அவ்வளவு செய்வதில்லை. ஒப்பிட ஆளில்லாததால் நூறு. ஒவ்வொரு மேலாளரும் கேட்பதையெல்லாம் சேர்த்தால் எல்லாரும் நூறு. பிறகு இந்தக் கணக்கு எதற்கு?" என்றார் அதிகாரி.

அவர் சொன்னதும் சரி. மேலாளர் சொன்னதும் சரி.

பழைய எழுபதே நின்றது; அந்தக் கிளையின் மூன்று பேருக்கான மாற்றல் கடிதங்களை என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். கடிதங்கள் கிடைத்ததும் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நூறு வந்துச்சுன்னு சொன்னியே?"

"வந்துச்சுண்ணே" என்றேன்.